படத்தில் உள்ள அளவுகோலையும் தராசையும் சரியாக வாசிப்பது எப்படி: ஏலக்காயை வைத்து ஒரு முழு வழிகாட்டி

குமுளி, வண்டன்மேடு, பீர்மேடு பக்கங்களில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு அளவைப் பாடத்தில் இப்போது அடிக்கடி வருவது படக்கேள்விதான். அளவுகோலின் மேல் ஒரு பொருளை வைத்து எடுத்த புகைப்படத்தையோ, தராசின் முகப்பைக் காட்டும் புகைப்படத்தையோ கொடுத்து, நீளம் எத்தனை மில்லிமீட்டர், எடை எத்தனை கிராம் என்று கேட்பார்கள். விடை தவறினால் வீட்டில் உள்ளவர்கள் உடனே "பத்தால பெருக்கணுமா, வகுக்கணுமா, அது தெரியலை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். விடைத்தாளைச் சற்று நிதானமாகப் பார்த்தால், பிழை பெரும்பாலும் அந்த இடத்தில் இருப்பதில்லை. பிள்ளை எழுதிய முதல் எண்ணே தவறாக இருக்கும். தவறான எண்ணைச் சரியாகப் பெருக்கியிருக்கும். ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அலகு மாற்றத்துக்கு முந்தைய வேலையைப் பற்றியது. படத்திலிருந்து முதல் எண்ணை எப்படி எடுப்பது என்பதே அந்த வேலை.

எடுத்துக்காட்டுக்கு ஏலக்காயையே வைத்துக்கொள்வோம். ஏலமலையில் வீட்டுக்கு ஒருவராவது காய் எடுக்கவோ, காய வைக்கவோ, தரம் பிரிக்கவோ போகிறார். புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடக்கும் ஏலத்தில் காயின் பருமனை மில்லிமீட்டரில்தான் பேசுகிறார்கள், எடையைக் கிலோவில் பேசுகிறார்கள். பாடத்துக்கு வேண்டிய நான்கு அலகுகளும் இந்த ஒரே காயில் கிடைத்துவிடுகின்றன.

முதலில், உங்கள் ஸ்கேலைக் கீழே வையுங்கள்

படக்கேள்வியைப் பார்த்ததும் பல பிள்ளைகள் பெட்டியிலிருந்து தம் சொந்த ஸ்கேலை எடுத்து, தாளில் அச்சாகியிருக்கும் ஏலக்காயின் மேல் வைத்து அளக்கிறார்கள். அச்சான படம் உண்மை அளவில் இருப்பதில்லை. தாளில் இடம் போதாமல் சுருக்கியிருப்பார்கள், அல்லது சிறிய காய் தெளிவாகத் தெரியட்டும் என்று பெருக்கியிருப்பார்கள். கைப்பேசித் திரையில் பார்க்கும்போது விரலால் விரித்தால் காய் இன்னும் பெரிதாகும். ஆனால் படத்துக்குள்ளேயே இருக்கும் அளவுகோலும் காயோடு சேர்ந்து அதே அளவுக்குப் பெருகும், அதே அளவுக்குச் சுருங்கும். எனவே படத்துக்குள் இருக்கும் கோடுகளை மட்டுமே நம்ப வேண்டும். வெளியிலிருந்து வரும் எந்த அளவுகோலுக்கும் அங்கே வேலை இல்லை.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. காயும் அளவுகோலும் ஒரே தளத்தில் இருந்தால்தான் இரண்டும் ஒன்றாகச் சுருங்கும். அந்த நிபந்தனை எங்கே உடைகிறது என்பதைப் பிறகு பார்க்கலாம்.

அளவுகோல்: கோட்டை அல்ல, இடைவெளியை எண்ணுங்கள்

படத்தில் உள்ள அளவுகோலின் எந்த ஓரத்தில் பொருள் தொட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். பள்ளி ஸ்கேலில் ஒரு பக்கம் சென்டிமீட்டர், மறு பக்கம் அங்குலம். அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே எத்தனை சிறிய இடைவெளிகள் உள்ளன என்று எண்ணினால் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். பத்து இடைவெளிகள் இருந்து, ஐந்தாவது கோடு மட்டும் சற்று நீளமாக இருந்தால் அது சென்டிமீட்டர் பக்கம். ஓர் இடைவெளி 1 மி.மீ. எட்டோ பதினாறோ இருந்தால் அது பெரும்பாலும் அங்குலப் பக்கம். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. என்பதால் அந்தக் கோடுகளை மில்லிமீட்டராக எண்ணினால் விடை முழுவதுமாகக் கெட்டுவிடும். சில எஃகு ஸ்கேல்களில் ஒரு பகுதியில் மட்டும் அரை மில்லிமீட்டர்க் கோடுகள் இருக்கும். அங்கே ஒரு சென்டிமீட்டருக்குள் இருபது இடைவெளிகள் வரும்.

எண்ணும்போது பிள்ளைகள் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். "டீச்சர், ரெண்டுல இருந்து மூணு வரைக்கும் பதினோரு கோடு வருதே" என்று எப்படியும் ஒரு பிள்ளை கேட்கும். அந்தப் பிள்ளை சரியாகத்தான் எண்ணியிருக்கிறது. இரண்டாம் எண்ணுக்கு உரிய கோடு, மூன்றாம் எண்ணுக்கு உரிய கோடு, நடுவில் ஒன்பது, ஆக மொத்தம் பதினொன்று. ஆனால் நீளம் என்பது கோட்டில் இல்லை, ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போகும் தூரத்தில் இருக்கிறது. பென்சில் முனையை இரண்டாம் எண்ணின் கோட்டில் வைத்து, அங்கே எதையும் சொல்லாமல், அடுத்த கோட்டுக்கு நகரும்போது "ஒன்று" என்று சொல்லத் தொடங்கச் செய்யுங்கள். மூன்றாம் எண்ணை அடையும்போது "பத்து" என்று முடியும். தொடங்கும் கோட்டில் வாய் திறக்கக்கூடாது என்ற இந்த ஒரு பழக்கம் தராசின் முகப்பிலும் அப்படியே உதவும்.

அடுத்தது தொடக்கம். ஸ்கேலின் விளிம்பும் சுழிக்கோடும் ஒன்றல்ல. பிளாஸ்டிக் ஸ்கேல்களில் விளிம்புக்கும் சுழிக்கும் நடுவே சில மில்லிமீட்டர் வெற்றிடம் விட்டிருப்பார்கள். படத்தில் காய் விளிம்பிலிருந்து தொடங்கியிருந்தால், சுழிக்கு முன்னால் உள்ள அந்தப் பகுதியும் காயின் நீளம்தான். ஆனால் அதை அளக்கக் கோடு இல்லை. கவனமாகக் கேள்வி அமைப்பவர் இப்படிப் படம் எடுக்கமாட்டார். அவர் செய்வது வேறு: வேண்டுமென்றே காயை நடுவில் எங்காவது வைத்துவிடுவார். அந்த வகையை முழுதாகச் செய்து பார்ப்போம்.

உலர்ந்த ஏலக்காய் ஒன்று ஸ்கேலின் ஓரத்தை ஒட்டிக் கிடக்கிறது. காம்புப் பக்க நுனி 3 என்ற எண்ணைத் தாண்டி நான்காவது சிறிய கோட்டில் இருக்கிறது. மறு நுனி 5 என்ற எண்ணைத் தாண்டி இரண்டாவது சிறிய கோட்டில் இருக்கிறது. இரண்டையும் முதலில் மில்லிமீட்டரில் எழுதிக்கொள்ள வேண்டும். 3 செ.மீ. 4 மி.மீ. என்பது 34 மி.மீ.; 5 செ.மீ. 2 மி.மீ. என்பது 52 மி.மீ. வித்தியாசம் 18 மி.மீ., அதாவது 1.8 செ.மீ.

கழிப்பதற்கு முன்பே மில்லிமீட்டருக்கு மாற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு. செ.மீ. தனியாகவும் மி.மீ. தனியாகவும் கழிக்கும் பிள்ளை, ஐந்தில் மூன்று போக இரண்டு என்று எழுதிவிடும். அடுத்து இரண்டிலிருந்து நான்கைக் கழிக்க முடியாமல், நான்கிலிருந்து இரண்டைக் கழித்து 2 செ.மீ. 2 மி.மீ. என்று முடிக்கும். கடன் வாங்குவதை மறந்ததால் வந்த பிழை இது. விடைத்தாளில் 1.8 இருக்க வேண்டிய இடத்தில் 2.2 இருந்தால் காரணம் இதுதான் என்று உடனே சொல்லிவிடலாம். 5.2 என்று மட்டும் எழுதியிருந்தால் பிள்ளை தொடக்கத்தையே பார்க்கவில்லை. 1.9 என்று எழுதியிருந்தால் இடைவெளிக்குப் பதிலாகக் கோட்டை எண்ணியிருக்கிறது. ஒவ்வொரு தவறான விடையும் தன் காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது என்பதால், பெற்றோரும் ஆசிரியரும் சிவப்புக் கோடு போடுவதற்கு முன் அந்த எண்ணைக் கொஞ்சம் படிக்க வேண்டும்.

நுனி எந்தக் கோட்டிலும் சரியாக விழாமல் இரண்டு கோடுகளுக்கு நடுவே நின்றால், எந்தக் கோட்டுக்கு அருகில் இருக்கிறதோ அந்தக் கோட்டின் மதிப்பை எடுத்துக்கொள்வதே பள்ளி அளவில் போதும். ஒரு கருவி பிரித்துக் காட்டும் மிகச் சிறிய அளவை மீச்சிற்றளவு என்கிறோம்; பள்ளி ஸ்கேலுக்கு அது 1 மி.மீ. அதைவிட நுணுக்கமான விடையை அந்தப் படத்திலிருந்து யாரும் எடுக்க முடியாது, கேட்கவும் கூடாது.

உயரம் உள்ள பொருளும் கேமராவின் பார்வையும்

நேரில் அளக்கும்போது கண்ணைக் கோட்டுக்கு நேர் மேலே கொண்டுபோகலாம். ஒரு நுனியைப் பார்த்தபின் தலையை நகர்த்தி மறு நுனியைப் பார்க்கலாம். புகைப்படத்தில் அந்த வசதி இல்லை. கேமரா ஓரிடத்தில் நின்று எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பிடித்துவிட்டது. பாடநூலில் இடமாறு தோற்றப்பிழை என்று சொல்லப்படுவது படக்கேள்வியில் நிலையாக உறைந்துவிடுகிறது. ஒரே தளம் என்ற நிபந்தனை உடைவது இங்கேதான்.

எவ்வளவு பிழை வரும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு எலுமிச்சம்பழத்தின் குறுக்களவு 4 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அது மேசையில் ஸ்கேலை ஒட்டி இருக்கிறது. பழத்தின் மிக அகலமான பகுதி மேசையிலிருந்து 2 செ.மீ. உயரத்தில் இருக்கும். கைப்பேசியை 20 செ.மீ. உயரத்தில் நேர் மேலே பிடித்துப் படம் எடுத்தால், அந்த அகலமான பகுதி கேமராவுக்கு 18 செ.மீ. தொலைவிலும், ஸ்கேலின் கோடுகள் 20 செ.மீ. தொலைவிலும் இருக்கின்றன. அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும். படத்தில் பழம் மறைக்கும் அளவு 4 × 20 ÷ 18, அதாவது ஏறக்குறைய 4.4 செ.மீ. நான்கு மில்லிமீட்டர் எங்கிருந்தோ வந்து சேர்ந்துவிட்டது. அதே படத்தை 60 செ.மீ. உயரத்திலிருந்து, கேமராவின் ஜூம் வைத்து எடுத்திருந்தால் 4 × 60 ÷ 58, அதாவது ஏறக்குறைய 4.1 செ.மீ. என்று வந்திருக்கும். பிழை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. விலகி நின்று ஜூம் செய்து எடுக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

ஏலக்காய் சிறியது. 18 மி.மீ. நீளக் காயின் நுனிகள் மேசையிலிருந்து ஆறேழு மில்லிமீட்டருக்கு மேல் எழுவதில்லை. 20 செ.மீ. உயரத்திலிருந்து எடுத்தாலும் நீளத்தில் வரும் பிழை அரை மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும், கோட்டைப் பார்ப்பதில் அது அடங்கிவிடும். ஆனால் ஒரு எச்சரிக்கை: காய் கேமராவுக்கு நேர் கீழே இல்லாமல் படத்தின் ஓரத்தில் இருந்தால், இரண்டு நுனிகளும் சேர்ந்து ஒரே பக்கமாக நகர்ந்து தெரியும். கேமராவுக்குக் கீழே உள்ள கோட்டிலிருந்து 10 செ.மீ. தள்ளிக் கிடக்கும் காயின் நுனி 6 மி.மீ. உயரத்தில் இருந்தால், படத்தில் அது 3 மி.மீ. அளவுக்கு வெளிப்பக்கம் தள்ளி விழும். இரண்டு நுனிகளையும் படத்தில் தெரிகிறபடியே வாசித்துக் கழித்தால் இந்த நகர்வு பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துப்போய்விடும். ஒரு நுனியை மட்டும் "இது 10-இல்தான் வைத்திருப்பார்கள்" என்று ஊகித்து, மறு நுனியைப் படத்திலிருந்து எடுத்தால் அந்த 3 மி.மீ. முழுதும் விடையில் ஏறிவிடும். ஆகவே ஊகிக்காமல் இரண்டு முனைகளையும் ஒரே விதமாக வாசிக்க வேண்டும்.

உருண்டையான பொருளின் குறுக்களவைக் கேட்கும் படங்களில், பொருளின் இரு பக்கமும் இரண்டு தீப்பெட்டிகளையோ மரக்கட்டைகளையோ நிறுத்தியிருப்பார்கள். அழகுக்காக வைத்தது என்று பிள்ளைகள் அவற்றைக் கண்டுகொள்வதே இல்லை. அந்தக் கட்டைகள்தான் பழத்தின் அகலத்தை மேலிருந்து ஸ்கேலின் மட்டத்துக்குக் கீழே இறக்கித் தருகின்றன. எனவே பழத்தின் ஓரத்தை விட்டுவிட்டு, கட்டைகளின் உட்பக்க அடி விளிம்பு ஸ்கேலை எங்கே தொடுகிறது என்பதைத்தான் வாசிக்க வேண்டும்.

முள் தராசு: ஓர் இடைவெளி எத்தனை கிராம்?

ஸ்கேலில் ஓர் இடைவெளி 1 மி.மீ. என்று பழகிய பிள்ளை தராசின் முகப்புக்கு வந்ததும் சறுக்குகிறது. காரணம், தராசுக்குத் தராசு இடைவெளியின் மதிப்பு மாறும். எனவே முள்ளைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு கணக்குப் போட்டாக வேண்டும்: எழுதப்பட்டிருக்கும் அடுத்தடுத்த இரண்டு எண்களின் வித்தியாசத்தை, அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளிகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்.

0-க்கும் 100 கிராமுக்கும் நடுவே ஐந்து இடைவெளிகள் என்றால் ஒன்று 20 கிராம். அதே இடத்தில் நான்கு இடைவெளிகள் என்றால் ஒன்று 25 கிராம். 1 கிலோவுக்கும் 2 கிலோவுக்கும் நடுவே நான்கு இடைவெளிகள் மட்டும் உள்ள முகப்பில், முள் மூன்றாவது கோட்டில் நின்றால் பிள்ளைகள் 1.3 கிலோ என்று எழுதுகிறார்கள். ஓர் இடைவெளி 250 கிராம், மூன்று இடைவெளிகள் 750 கிராம், விடை 1.75 கிலோ. எல்லாக் கோடும் பத்தில் ஒரு பங்கு என்ற ஸ்கேல் பழக்கம்தான் இங்கே காலை வாரிவிடுகிறது.

இப்போது ஒரு முழுக் கேள்வி. இரண்டு படங்கள் தரப்பட்டிருக்கின்றன. வட்ட முகப்புள்ள 10 கிலோ தராசு. சுழி உச்சியில் இருக்கிறது, எண்கள் வலப்பக்கமாகச் சுற்றி ஏறுகின்றன. முதல் படத்தில் தட்டின் மேல் வெறும் கூடை. இரண்டாவது படத்தில் அதே கூடை நிறையப் பச்சை ஏலக்காய். காயின் எடை மட்டும் எத்தனை கிராம்?

ஒரு கிலோவுக்கும் அடுத்த கிலோவுக்கும் நடுவே இருபது இடைவெளிகள் இருக்கின்றன, பத்தாவது கோடு நீளமானது. 1000-ஐ 20-ஆல் வகுத்தால் ஓர் இடைவெளி 50 கிராம். நீளமான கோடு 500 கிராம். முதல் படத்தில் முள் சுழியைத் தாண்டி ஐந்தாவது கோட்டில் இருக்கிறது. கூடை 250 கிராம். இரண்டாவது படத்தில் முள் 3-ஐத் தாண்டி, நீளக் கோட்டையும் தாண்டி, அதற்குப் பின் நான்காவது கோட்டில் நிற்கிறது. 3 கிலோ, அதனுடன் 500 கிராம், அதனுடன் நான்கு ஐம்பதுகள். மொத்தம் 3 கிலோ 700 கிராம், அதாவது 3700 கிராம். கூடையைக் கழித்தால் 3450 கிராம், கிலோவில் 3.450.

கூடைக்குப் பதிலாக முதல் படத்தில் வெறும் தட்டு இருந்து, அப்போதும் முள் சுழியில் நிற்காவிட்டால் அது சுழிப்பிழை. சுழியைத் தாண்டி ஓர் இடைவெளி நின்றால் ஒவ்வொரு வாசிப்பிலிருந்தும் 50 கிராம் கழிக்க வேண்டும். சுழியை எட்டாமல் ஓர் இடைவெளி பின்னால், அதாவது 10 கிலோவின் பக்கம் நின்றால் 50 கிராம் கூட்ட வேண்டும். பிள்ளைகள் இந்த இரண்டாவதைப் பார்த்து 9 கிலோ 950 கிராம் என்று வாசித்துவிடுவதும் உண்டு. வெறும் தட்டில் அத்தனை எடை எப்படி வரும் என்று கேட்டால் தாங்களே சிரித்துக்கொண்டு திருத்திக்கொள்கிறார்கள்.

முள் முகப்பின் மேல் ஒட்டியிருப்பதில்லை, சற்று முன்னால் நிற்கிறது. ஆகையால் இங்கேயும் கேமராவின் இடம் முக்கியம். கடை மேசையில் இருக்கும் தராசை நின்றுகொண்டு எடுத்தால் கேமரா முகப்புக்கு மேலே இருக்கும், முள் உண்மையில் இருப்பதைவிடக் கொஞ்சம் கீழே இறங்கித் தெரியும். நாம் பார்த்த தராசில் முகப்பின் வலப்பாதியில் கீழே இறங்குவது என்றால் எடை கூடுவது, இடப்பாதியில் கீழே இறங்குவது என்றால் எடை குறைவது. அதனால் 2.5 கிலோ அருகே கூடுதலாகவும் 7.5 கிலோ அருகே குறைவாகவும் வாசிக்க நேரும். முள் நேராக மேலேயோ கீழேயோ நிற்கும்போது இந்த உயர வேறுபாடு ஒன்றும் செய்யாது. அங்கே கேமரா இடமோ வலமோ விலகினால்தான் தொல்லை. படம் நேராக எடுக்கப்பட்டதா என்று தெரிந்துகொள்ள முகப்பின் வடிவத்தைப் பாருங்கள். வட்டம் வட்டமாகவே தெரிந்தால் நம்பலாம். அமுங்கிய நீள்வட்டமாகத் தெரிந்தால் முள் இரண்டு கோடுகளுக்கு நடுவே தெரியும்போது சந்தேகத்தோடு வாசிக்க வேண்டும்.

எலக்ட்ரானிக் தராசு: எண்ணைப் படிப்பதிலும் பிழை வரும்

எண்ணே எழுதியிருக்கும்போது இதில் வாசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். நேரில் பார்த்தால் அது சரிதான். படத்தில் மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது, அலகும் புள்ளியும். ஏலக்காய்க் கடைகளில் உள்ள மேசைத் தராசுகள் பெரும்பாலும் கிலோவில், புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்களோடு காட்டும். திரையில் 0.685 என்றால் 685 கிராம். 0.085 என்றால் 85 கிராம். படம் மங்கலாக இருந்து புள்ளி காணாமல் போனால் 0685 என்று தெரியும். முன்னால் தேவையில்லாத ஒரு சுழி நிற்பதே, அதற்குப் பின்னால் ஒரு புள்ளி இருந்தாக வேண்டும் என்பதற்கு அடையாளம். சமையலறைத் தராசுகள் நேரடியாகக் கிராமில் காட்டும், ஆகவே திரையின் ஓரத்தில் `kg` இருக்கிறதா `g` இருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் எழுதக்கூடாது.

இரண்டாவது, உடைந்த எண்கள். சிவப்பாக ஒளிரும் திரைகளில் விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிவதில்லை. மிக வேகமாக மாறி மாறி எரிவதால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகின்றன. கேமரா அதைவிட வேகமாகப் பிடித்துவிட்டால் எண்ணின் ஒரு துண்டோ ஓர் இலக்கமோ அணைந்த நிலையில் பதிவாகும். ஏழு துண்டுகளும் எரிந்தால் 8. நடுத்துண்டு போனால் அது 0; மேல் வலத்துண்டு போனால் 6; கீழ் இடத்துண்டு போனால் 9. படத்தில் ஓர் இலக்கம் மற்றவற்றைவிட மங்கலாகத் தெரிந்தால், அது 8 ஆக இருந்திருக்குமா என்று ஒருமுறை யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, தராசின் தகடு. கடைத் தராசின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் `Max 30 kg`, `Min 100 g`, `e = 5 g` என்பதுபோல் எழுதியிருக்கும். முதலாவது தாங்கும் மிகக்கூடிய எடை, இரண்டாவது நம்பி நிறுக்கத்தக்க மிகக்குறைந்த எடை. மூன்றாவது சரிபார்ப்புக்கு உரிய படி. பொதுவாகத் திரையில் எடை அந்தப் படியில்தான் ஏறி இறங்கும். படி 5 கிராம் என்றால் கடைசி இலக்கம் 0 அல்லது 5 மட்டுமே. அப்படிப்பட்ட தராசின் படத்தில் 0.686 என்று தெரிந்தால் நிழலோ பிரதிபலிப்போ 5-ஐ 6 ஆக்கியிருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். தகடும் படத்தில் விழும்படி எடுத்திருந்தால் அதைப் படிக்காமல் விடுவது கையில் இருக்கும் சாட்சியை விடுவதாகும்.

இனி அலகு மாற்றம்

இவ்வளவு தூரம் சரியாக வந்துவிட்டால் மீதி சுருக்கமானது. 1 செ.மீ. = 10 மி.மீ. என்பதால் செ.மீ.க்குப் பின் வரும் மி.மீ. ஒரே இலக்கம்தான். 4 செ.மீ. 7 மி.மீ. என்பது 4.7 செ.மீ., 47 மி.மீ. இங்கே எண்களை அடுத்தடுத்து எழுதினாலே விடை வந்துவிடும். அந்த வசதிதான் கிலோவில் பிள்ளையை மாட்டிவிடுகிறது.

1 கிலோ 50 கிராம் என்பதை 1.5 கிலோ என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. 1.5 கிலோ என்பது ஒன்றரைக் கிலோ. உலர்ந்த ஏலக்காயில் இந்த இரண்டுக்கும் உள்ள 450 கிராம் வித்தியாசத்தின் விலையை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லி விளக்க வேண்டியதே இல்லை. ஒரு கிலோவில் ஆயிரம் கிராம் இருப்பதால் புள்ளிக்குப் பின் மூன்று அறைகள் வேண்டும். நோட்டில் புள்ளி வைத்தவுடன் மூன்று சிறு கோடுகளை இழுத்துக்கொள்ளுங்கள். கிராமின் எண்ணை வலப்பக்கக் கடைசி அறையிலிருந்து தொடங்கி நிரப்பி, இடப்பக்கம் மிஞ்சும் அறைகளில் சுழி போடுங்கள். 50 கிராம் என்றால் 0, 5, 0, எனவே 1.050. 5 கிராம் என்றால் 0, 0, 5, எனவே 1.005. 500 கிராம் என்றால் 1.500. கிலோவிலிருந்து கிராமுக்கு வரும்போது, முதலில் மூன்று அறைகளையும் நிரப்பிவிட்டுப் புள்ளியை எடுத்துவிட்டால் போதும்: 2.4 கிலோ என்பதை 2.400 என்று எழுதி, 2400 கிராம் என்று வாசிக்கலாம்.

விடை கிடைத்தபின் அதைப் பொருளோடு ஒப்பிட வேண்டும். ஒரு ஏலக்காய் 18 செ.மீ. நீளம் என்று வந்தால் அலகு தவறியிருக்கிறது. பச்சைக் காய் ஏறக்குறைய ஐந்து கிலோ காய்ந்தால்தான் ஒரு கிலோ உலர்ந்த காய் கிடைக்கும் என்பது இந்த மலையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஆகவே நாம் வாசித்த 3450 கிராம் பச்சைக் காய் உலர்ந்தபின் எடுத்த படத்தில் திரை 0.690 காட்டினால் பொருந்துகிறது, 6.90 என்று வாசித்திருந்தால் புள்ளி தவறியிருக்கிறது.

கேள்விக்குப் படம் எடுப்பவர்களுக்கு

வீட்டிலேயே பயிற்சிக் கேள்வி தயாரிக்க விரும்பும் பெற்றோரும் ஆசிரியர்களும் வீட்டில் இருக்கும் பொருளையே பயன்படுத்தலாம். பொருளை ஸ்கேலின் கோடுள்ள ஓரத்தை ஒட்டி வைத்து, சுழியைத் தவிர்த்து வேறு எண்ணிலிருந்து தொடங்குங்கள். கையை நீட்டாமல், ஒரு நாற்காலி உயரத்துக்கு விலகி, ஜூம் செய்து எடுங்கள். ஸ்கேலின் இரு கோடியிலும் ஒரு சென்டிமீட்டர் ஒரே அகலத்தில் தெரிகிறதா என்று படத்தில் பாருங்கள். ஒரு பக்கம் குறுகியிருந்தால் கைப்பேசி சாய்ந்திருக்கிறது. தராசைப் படம் எடுக்கும்போது கைப்பேசியை முகப்பின் மட்டத்துக்குத் தாழ்த்துங்கள். வெறும் தட்டை ஒரு படமும் பொருளோடு ஒரு படமும் எடுங்கள். சிவப்புத் திரையை இரண்டு மூன்று முறை எடுத்து, எல்லாத் துண்டும் எரிந்திருக்கும் படத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

படம் அனுப்பும்போது வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடுவதால் மில்லிமீட்டர்க் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து சாம்பல் பட்டையாகிவிடுவது உண்டு. கோப்பாக அனுப்பினால் அது நேராது. அப்படிக் கலங்கிய படம் பிள்ளையிடம் வந்துவிட்டால், எண்ணுள்ள கோடுகள் மட்டும் தெரியும் நிலையில் மில்லிமீட்டரில் விடை எழுதச் சொல்வது நியாயமில்லை. "நீளம் 1 செ.மீ.க்கும் 2 செ.மீ.க்கும் இடையில், 2-க்கு அருகில்" என்று எழுதும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிட்டு, நல்ல படத்தை மறுபடி அனுப்புங்கள்.